14 படங்களில் ஒரு சுரைக்கொடி: பிஞ்சு உதிர்ந்ததன் காரணம் தேடிய ஆய்வு

திருச்சியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் என் பெரியம்மா மகள், அக்டோபர் முதல் வாரத்தில் ஒருநாள் காலை வாட்ஸ்அப்பில் 14 படங்களை அனுப்பியிருந்தார். "தம்பி, கொடி நல்லா படர்ந்திருக்கு, பூவும் நிறைய வைக்குது, ஆனா பிஞ்சு ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பாருப்பா" என்பது கூடவே வந்த செய்தி. ஆடிப்பெருக்கன்று ஊன்றிய நீட்டுச் சுரை விதை அது. இரண்டடி அகலமுள்ள ஒரு வளர்ப்புப் பையில் இரண்டு செடிகள். செம்மண்ணும் தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த மண். மேலே கயிற்றுப் பந்தல். அணில் தொல்லை தாங்காமல், பந்தலின் நான்கு பக்கமும் பச்சை நிழல்வலை கட்டி, ஆள் நுழைய மட்டும் ஒரு மடிப்பு விட்டிருந்தார். அதுவரை ஒன்பது பிஞ்சுகள் விழுந்திருந்தன.

படங்கள் வருவதற்கு முன்பே அவர் சில முயற்சிகள் செய்திருந்தார். சத்துக் குறைவு என்று எண்ணி இரண்டு கை மண்புழு உரம் கூடுதலாக இட்டார். பூ உதிராமல் இருக்க, தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர் கரைசலை இரண்டு முறை தெளித்தார். அண்டை வீட்டு அம்மா, பிஞ்சை யாரும் விரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் வெம்பிவிடும் என்று சொன்னதால், மாடிக்கு வரும் குழந்தைகளையும் தடுத்து வைத்திருந்தார். விதைக்கடையில் கேட்டபோது, பெண் பூ அதிகம் வர எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கச் சொன்னார்களாம். அதை வாங்கலாமா என்பதுதான் அவருடைய நேரடிக் கேள்வி.

நான் முதலில் செய்தது படங்களைப் பிரித்து வைத்ததுதான். மூன்று படங்கள் முழுக் கொடியைக் காட்டின. ஆறு படங்களில் பூக்கள். மீதி ஐந்தில் பிஞ்சுகள். இலைகள் கரும்பச்சையாக, நோயின் அடையாளமின்றி, கையளவுக்கு மேல் விரிந்திருந்தன. கொடி பட்டினி கிடக்கவில்லை என்பது அந்த மூன்று படங்களிலேயே தெரிந்துவிட்டது. சத்துக் குறைந்த கொடியில் முதலில் அடியிலைகள் மஞ்சளாகும், நுனி வளர்ச்சி மெலியும். இங்கே இரண்டும் இல்லை.

பூக்களின் படங்கள்தான் கொஞ்சம் சிக்கலானவை. சுரை, பூசணி, பாகல், பீர்க்கு, புடல் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக மலர்கின்றன. நேர் எதிரே நின்று படமெடுத்தால் இரண்டின் இதழ்களும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு பூவின் முகத்தில் இல்லை, முதுகில் இருக்கிறது. பெண் பூவில், இதழ்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே, காம்பின் தலையில், அந்தக் காயின் சிறு வடிவம் பூ மலர்வதற்கு முன்பே இருக்கும், அதுதான் சூற்பை. நீட்டுச் சுரையில் அது ஏறக்குறைய சுண்டுவிரலின் முதல் இரண்டு கணு நீளத்தில், வெண்பட்டு போன்ற மென்மயிர் மூடி, இளம்பச்சையாக இருக்கும். ஆண் பூவில் அது இல்லை. மெல்லிய நீண்ட காம்பு நேராகச் சென்று இதழ்களில் முடியும். சுரையின் ஆண் பூக்காம்பு இலைக்கூட்டத்துக்கு மேலே தலை நீட்டுகிற அளவுக்கு நீளமானது. ஆறு பூப்படங்களில் நான்கு பக்கவாட்டில் எடுக்கப்பட்டிருந்ததால், அவை ஆண் பூக்கள் என்று தயக்கமின்றிச் சொல்ல முடிந்தது. மற்ற இரண்டும் நேர்முகமாக எடுக்கப்பட்டவை. இதழ்கள் பாதி மூடியிருந்தன. அவற்றைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்று அக்காவிடம் தெளிவாகவே தெரிவித்தேன். படத்தில் தெரியாததை ஊகித்துச் சொல்வதால் அடுத்தவரின் ஒரு பட்டமே வீணாகிவிடும்.

ஐந்து பிஞ்சுப் படங்களும் ஒரே கதையைச் சொன்னன. ஒவ்வொன்றின் நுனியிலும் காய்ந்து சுருங்கிய பூ ஒட்டியிருந்தது. மஞ்சள் நிறம் நுனியில் தொடங்கிக் காம்பை நோக்கிப் பரவியிருந்தது. அளவில் எதுவும் கட்டை விரலைத் தாண்டவில்லை. இங்கே ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருந்தது. அக்கா இவற்றை எல்லாம் "பிஞ்சு பிடித்து, பிறகு விழுந்தவை" என்று கணக்கு வைத்திருந்தார். உண்மையில் அவற்றில் காய்ப்பிடிப்பே நடக்கவில்லை. பெண் பூ பிறக்கும்போதே தன் பிஞ்சோடு பிறக்கிறது. அந்தப் பிஞ்சு காயாக வளர வேண்டுமானால், பூ மலர்ந்த வேளையில் ஆண் பூவின் மகரந்தம் அதன் நடுவிலுள்ள சூலக முடியில் விழ வேண்டும். விழாவிட்டாலும் பிஞ்சு உடனே வாடுவதில்லை. ஓரிரு நாள் அப்படியே நிற்கும், சற்றே பருத்தது போலவும் தோன்றும், பிறகு நுனியிலிருந்து மஞ்சளாகி, சுருங்கி, காம்போடு கழன்று விழும். இந்த ஓரிரு நாள் தாமதம்தான் பலரை ஏமாற்றுகிறது. நன்றாக வந்த பிஞ்சு திடீரென்று வெம்பியதாக நினைத்துவிடுகிறோம். விரல் நீட்டினால் பிஞ்சு அழுகும் என்ற நம்பிக்கையும் இதிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது என் எண்ணம்: புதிதாகக் கண்ணில் பட்ட பிஞ்சைத்தான் ஆசையாகச் சுட்டிக் காட்டுவோம், மகரந்தம் சேராமல் போன பிஞ்சு அடுத்த சில நாள்களில் விழுவதும் உறுதி.

ஆனால் நுனி மஞ்சள் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பழ ஈ குத்திய பிஞ்சும் மஞ்சளாகி விழும். ஆகவே அன்று விழுந்திருந்த இரண்டு பிஞ்சுகளை நீளவாக்கில் கத்தியால் பிளந்து, வெயிலில் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். படங்கள் தெளிவாக இருந்தன. தோலில் துளையோ, கசிந்து உறைந்த பிசினோ இல்லை. உள்ளே புழு இல்லை, அழுகல் இல்லை. சூல்கள் வெளிறிய, சப்பையான புள்ளிகளாகவே நின்றிருந்தன. எந்த ஒன்றும் விதையாகத் திரளத் தொடங்கியிருக்கவில்லை. பழ ஈயாக இருந்திருந்தால், குத்திய இடம் ஊசிமுனை அளவில் பழுப்பாகத் தெரிந்திருக்கும். அங்கிருந்து சாறு கசிந்து பிசினாக நின்றிருக்கும். சதைக்குள் வெண்ணிறப் புழுக்கள் நெளிந்திருக்கும்.

மகரந்தம் சேரவில்லை என்பது இவ்வாறு உறுதியானது. ஏன் சேரவில்லை என்ற கேள்விக்கு விடை, படங்களின் நேரக் குறிப்பில் கிடைத்தது. 14 படங்களும் காலை 7.15 மணிக்கும் 8.40 மணிக்கும் இடையில் எடுக்கப்பட்டவை. அதுவே அவர் தண்ணீர் ஊற்றும் வேளை. பூக்கள் பாதி மூடி, இதழ் தொய்ந்து தெரிந்ததன் காரணமும் அதுதான். சுரை காலையில் மலரும் பூ அன்று. மாலை 5 மணிக்கு மேல் மொட்டு நெகிழத் தொடங்கி, இருள் கவிவதற்குள் வெள்ளை வெளேரென்று விரிந்து, இரவு முழுதும் நின்று, மறுநாள் காலை வெயிலில் தொய்ந்துவிடும். இருட்டில் வெண்மையால் தெரியும் இந்தப் பூவை நாடி வருபவை பெரிதும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள், குறிப்பாகப் பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும் பருந்து அந்துகள். "தேனீ நிறைய வருதே தம்பி, நான் தினமும் பார்க்கிறேனே" என்று அக்கா கேட்டார். உண்மைதான், வலைக்கு வெளியே இருந்த துளசிக்கும் திருநீற்றுப்பச்சிலைக்கும் அவை காலையில் வந்தன. அவை வந்த வேளையில் சுரைப்பூவின் வேளை முடிந்திருந்தது.

ஒவ்வொரு கொடிக்கும் இந்த வேளை வேறு. பூசணி விடியற்காலையில் விரிந்து முற்பகலிலேயே மூடிக்கொள்ளும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். பீர்க்கு மஞ்சளாக இருந்தாலும் மாலையில் மலர்வது. அதில் ஆண் பூக்கள் ஒரே தண்டில் கொத்தாக நிற்கும், பெண் பூ தனியாக வரும் என்பதால் படத்தில் பிரித்தறிவது எளிது. பாகலில்தான் கண் ஏமாறும்: ஆணும் பெண்ணும் தனித்தனியாக, ஒரே அளவு மஞ்சளாக வரும், பூவுக்குப் பின்னால் கரடுமுரடான சிறு பாகற்பிஞ்சு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். புடலின் ஆண் பூவும் பெண் பூவும் ஓரத்தில் வெண்ணூல் பிரிந்தது போலிருக்கும். அவையும் மாலைக்கு மேல் மலர்பவையே. கோவையின் நிலை முற்றிலும் வேறு, அங்கே ஆண் கொடி தனி, பெண் கொடி தனி.

அன்று மாலை 6.20 மணிக்கு அக்கா மீண்டும் மாடிக்குச் சென்று, நான் கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு பூவையும் இரண்டு முறை படமெடுத்தார்: ஒருமுறை பக்கவாட்டில், காம்பும் பூவின் அடிப்பகுதியும் முழுதும் தெரிய, மறுமுறை பூவின் உள்ளே, மையம் தெளிவாகத் தெரிய. அந்தக் கொடியை நான் முதல் முறையாக உண்மையில் பார்த்தது இந்தப் படங்களில்தான். 11 பூக்கள் விரிந்திருந்தன. அவற்றில் இரண்டு பெண். ஆண் பூவின் நடுவில் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று முறுக்கி ஒட்டி ஒரே உருண்டையாக நின்றன. அதன் மேல் இளமஞ்சள் தூள் படிந்திருந்தது. பெண் பூவின் நடுவில் சூலக முடி மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டு மடலாகி, ஈரப்பசையோடு பளபளத்தது. இரண்டு பெண் பூவின் சூலக முடிகளிலும் ஒரு துளி மஞ்சள்கூட ஒட்டியிருக்கவில்லை. இரவு 8 மணிக்கு எடுத்த படத்திலும் அப்படியே. மறுநாள் மாலையும் அவர் அரை மணிநேரம் நின்று பார்த்தார். வலைக்குள் ஓர் அந்துப்பூச்சிகூட வரவில்லை. விரல் நீளத்துக்கு மேல் சிறகு விரிக்கும் பூச்சி அந்தக் கண்ணியில் நுழைய வழியில்லை. அணிலைத் தடுத்த வலையே இவற்றையும் தடுத்திருந்தது.

எத்ரல் பற்றிய கேள்விக்கு இந்த இடத்தில் விடை சொல்ல முடிந்தது. ஆண் பூக்கள் மிகுந்து பெண் பூ அரிதாக வரும் கொடிக்கு அது உரியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சுரைக்குப் பரிந்துரைப்பது 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி எத்ரல், விதைத்த 10 முதல் 15 நாளில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முறை. இளஞ்செடியில் மொட்டுகள் ஆணா பெண்ணா என்று தீர்மானமாகும் பருவத்தில்தான் அதற்குப் பயன். 60 நாளைக் கடந்த இந்தக் கொடிக்கு அந்தப் பருவம் போய்விட்டது. அதைவிட முக்கியமானது, இங்கே பெண் பூவுக்குப் பஞ்சமே இல்லை. மகரந்தம் சேராத நிலையில் பெண் பூ கூடினால், உதிரும் பிஞ்சுகள்தான் கூடும். தொடக்க நாள்களில் ஆண் பூ மட்டுமே வருவதும் இந்தச் சுரைக் குடும்பக் கொடிகளின் இயல்பு. அவற்றை வெறும் பூ என்று கிள்ளிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும், பின்னால் வரும் பெண் பூக்களுக்கு மகரந்தம் தரப்போவது அந்த வரிசைதான்.

காரணம் இதுதானா என்பதைச் சோதித்துப் பார்த்துவிடத் தீர்மானித்தோம். அடுத்த ஆறு மாலைகளில் மலர்ந்த ஏழு பெண் பூக்களில் ஐந்துக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பது, இரண்டை வேண்டுமென்றே தொடாமல் விடுவது என்று முடிவு. சேர்த்தவற்றின் காம்பில் சிவப்பு நூல், விட்டவற்றில் வெள்ளை நூல், தளர்வாகக் கட்டினார். நேரம் மாலை 6.30 முதல் 7.15 வரை. அன்றே மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்து, நடுவிலுள்ள மகரந்த உருண்டையை முதலில் நகத்தில் தொட்டுப் பார்ப்பார். நகத்தில் மஞ்சள் தூள் ஒட்டினால்தான் அது பயன்படும். பிறகு பெண் பூவின் இதழை ஒரு கையால் விலக்கி, சூலக முடியின் மூன்று பிரிவிலும் மெதுவாகத் தடவுவார். ஒரே பக்கத்தில் தடவினால் போதாது. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும், ஒரு சுரைக்காயில் விதைகளோ நூற்றுக்கணக்கில். விதை கட்டாத பகுதி மெலிந்து, காய் ஒரு பக்கமாக வளைந்துவிடும். ஐயத்துக்கு இடமின்றி ஒரு பெண் பூவுக்கு ஓர் ஆண் பூ என்று வைத்துக்கொண்டார். நன்றாகத் தூள் உதிர்க்கும் ஓர் ஆண் பூவால் இரண்டு மூன்று பெண் பூக்களைச் சமாளிக்கவும் முடியும். பந்தலின் மறுகோடியில் இருந்த பீர்க்கம்பூவைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். கூடாது, சுரைக்குச் சுரையின் மகரந்தம்தான் சேரும். அதே கொடியின் ஆண் பூவும் ஆகும்.

மறுநாள் முதல் தினமும் காலையில் ஒவ்வொரு பிஞ்சின் அருகிலும் தையல் நாடாவை வைத்துப் படமெடுத்தார். முதல் இரண்டு நாள் சிவப்பு நூலுக்கும் வெள்ளை நூலுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அவருக்கு அப்போது நம்பிக்கை குறைந்துவிட்டதும் உண்மை. மூன்றாம் நாள் படங்களில் வேறுபாடு தொடங்கியது. சிவப்பு நூல் கட்டியவற்றின் காம்பு தடித்துக் கீழ்நோக்கி வளைந்தது. பிஞ்சின் பச்சை ஆழ்ந்தது. நான்காம் நாள் நாடாவில் நீளம் தொடக்கத்தைப் போல் இரு மடங்கு காட்டியது. வெள்ளை நூல் கட்டியவை அதே அளவில் நின்றன, மயிர்ப்பளபளப்பு மங்கி, நுனி மஞ்சள் பூத்தது. அவை இரண்டும் ஐந்தாம், ஆறாம் நாள்களில் நூலோடு விழுந்தன. ஐந்து சிவப்பில் நான்கு வளர்ந்தன. விழுந்த ஐந்தாவது, மகரந்தம் சேர்த்த கால்மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட மாலையைச் சேர்ந்தது. நீர் பட்ட மகரந்தத் துகள் வெடித்துப் பயனற்றுப் போகும். மழை மாலையில் சேர்த்தவுடன் இதழ்களைக் கூட்டி, ஒரு நூலால் தளர்வாகச் சுற்றி, சூலக முடியை மூடி வைப்பது நல்லது. அதை முன்னரே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இதன் பிறகு வலையைத் தினமும் மாலை 5.30 மணிக்கு இரண்டு பக்கம் சுருட்டி வைத்து, விடிந்ததும் இறக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அணிலுக்குப் பகல்தான் நடமாட்டம் என்பதால் இது பொருந்தியது. நான்காம் நாள் இரவு, பருந்து அந்து ஒன்று பூவின் முன் அந்தரத்தில் நிற்பதைக் கலங்கலான ஒரு படத்தில் பிடித்து அனுப்பினார். அதன்பின் கைபடாத பூக்களில் சிலவும் காய் பிடித்தன.

வலையைத் திறந்ததில் ஓர் இழப்பும் வந்தது. முட்டையளவு வளர்ந்த ஒரு பிஞ்சு ஒரு பக்கம் குழிந்து, குழியில் தேன் நிறத்தில் பிசின் துளி நின்றது. பிளந்து பார்த்ததில் புழுக்கள் இருந்தன. அந்தப் படத்தையும் முதல் வாரப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டு உதிர்வுகளின் வேறுபாடும் யாருக்கும் விளங்கும்: ஒன்று வளராமலே நுனியில் மஞ்சளானது; மற்றது நன்றாக வளரத் தொடங்கிப் பக்கவாட்டில் குழிந்தது. குத்துப்பட்ட காயை மண்ணில் வீசாமல், பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடச் செய்தேன்; வீசினால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாக வரும். காய் பிடித்தது உறுதியான நான்காம் நாளே, இருபுறமும் திறந்த செய்தித்தாள் குழாயைப் பிஞ்சின் மேல் ஏற்றி, மேல்முனையைக் காம்போடு கட்டி, கீழ்முனையை மடித்து ஊக்குப் போடும் பழக்கத்தையும் அவர் மேற்கொண்டார்.

அக்டோபர் கடைசியில் மூன்று காய்கள் ஒரே நேரத்தில் பருத்துக்கொண்டிருந்தபோது, சிவப்பு நூல் கட்டிய இரண்டு பிஞ்சுகள் மஞ்சளாகி விழுந்தன. மகரந்தம் நன்றாகச் சேர்ந்ததற்கு மாலைப் படங்கள் சான்றாக இருந்தன. பிளந்தபோது புழுவும் இல்லை. இதை நான் கொடியின் சுமை என்றே கொள்கிறேன். ஒரே பையில் இரண்டு செடிகள் வேரிட்டிருக்கும் நிலையில், முன்னே பிடித்த காய்கள் உணவை ஈர்த்துக்கொள்ள, பின்னே வந்த பிஞ்சுகளைக் கொடி தானே கைவிடும். முற்றவிடாமல், நகம் எளிதில் இறங்கும் பருவத்திலேயே காயைப் பறித்தால் அடுத்த பிஞ்சுக்கு இடம் கிடைக்கும். மூத்த இரண்டு காய்களை 13ஆம் நாளில் பறித்தார்; அந்த வாரம் மலர்ந்த மூன்று பெண் பூக்களும் பிடித்துக்கொண்டன.

நவம்பர் நடுவில், மழை வலுத்துக் கொடி ஓயும் வரை, அந்தப் பையிலிருந்து 11 காய்கள் வந்தன. அக்கா கடைசியாக அனுப்பிய படம் மாலை 6.40 மணிக்கு எடுத்தது: பக்கவாட்டில், காம்பு முழுதும் தெரிய, மென்மயிர் மூடிய பிஞ்சோடு ஒரு பெண் பூ. இந்த முறை அவர் கேள்வி எதுவும் எழுதியிருக்கவில்லை.